இந்த வாரம் யார் முறை?

ஒரு வீட்டை இருவர் வாடகைக்கு எடுத்துத் தங்கும்போது, துப்புரவுக்காக எழுதி ஒட்டும் சீட்டில் மூன்று செய்திகள் இருந்தால் போதும்: என்ன வேலை, யாருடைய முறை, எதைக் கொண்டு செய்வது. "குளியலறையைச் சுத்தமாக வைத்திருக்கவும்" என்ற ஒற்றை வரி பெரும்பாலும் சண்டையில்தான் முடிகிறது. ஒருவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலே சுத்தம். மற்றவருக்குக் குழாயில் வெள்ளைப் படிவு இருந்தாலே அழுக்கு. அதனால் வேலையின் பெயரோடு, அது முடிந்ததும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். "வாஷ்பேசின் குழாயில் வெள்ளைப் படிவு இல்லை, தரையில் தண்ணீர் தேங்கவில்லை" என்று இருந்தால் இருவரும் ஒரே அளவுகோலால் பார்க்க முடியும்.

சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குளியலறை, ஒரு சமையலறை, ஒரு கூடம். தங்கியிருப்பவர்களில் முதலாமவர் தினமும் வீட்டில் சமைக்கிறார். இரண்டாமவர் பெரும்பாலும் அலுவலகத்திலேயே சாப்பிடுகிறார். முதலில் பிரிக்க வேண்டியது அன்றாட வேலையையும் வார வேலையையும். சமைத்தவரே அன்றைய பாத்திரம், அடுப்பு, மேடை ஆகியவற்றைத் துடைத்துவிட வேண்டும். குளித்தவரே தரைத் தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும். இவற்றை முறைப் பட்டியலில் சேர்த்தால், சமைக்காதவர் மற்றவரின் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்க்க நேரும். நாள்தோறும் துடைத்த பிறகும் சேர்ந்துவிடும் அழுக்குதான் இருவருக்கும் பொது.

அடுத்தது நேரம். ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்துச் செய்தால் கணக்கு தெளிவாகும். கழிப்பறைக் கோப்பை, சுவர் டைல்ஸ், தரை, வாஷ்பேசின், வாளி, மக் ஆகியவற்றுக்கு 35 நிமிடம் ஆகிறது. அடுப்பு, மேடை, அதன் பின்சுவர், சிங்க், தரை, குப்பைக்கூடைக்கு 50 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் 15 நிமிட வேலையைக் குளியலறையோடு சேர்த்தால் இரண்டு பக்கமும் 50 நிமிடம் ஆகிவிடும். பிறகு ஒற்றைப்படை வாரத்தில் முதலாமவருக்குக் குளியலறை, இரண்டாமவருக்குச் சமையலறை. இரட்டைப்படை வாரத்தில் மாற்றி. கழிப்பறை கழுவுவது எவருக்கும் பிடித்த வேலையில்லை என்பதால், நேரம் சமமாக இருந்தாலும் இந்த மாற்றம் தேவை.

நியாயமாகத் தோன்றும் பட்டியல்கள் பல தவறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். எக்ஸாஸ்ட் ஃபேன் துடைப்பது, ஃபிரிட்ஜைக் காலி செய்து கழுவுவது போன்ற கனமான சமையலறை வேலைகளை "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை" அல்லது "நான்கு வாரத்துக்கு ஒருமுறை" என்று எழுதுவது வழக்கம். 2, 4, 6, 8 ஆகிய எல்லா வாரங்களிலும் சமையலறை முதலாமவரிடமே இருக்கும். கனமான வேலை ஆண்டு முழுவதும் அவர் தலையிலேயே விழும். அதையே மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் 3ஆம் வாரம் இரண்டாமவருக்கும், 6ஆம் வாரம் முதலாமவருக்கும், 9ஆம் வாரம் மீண்டும் இரண்டாமவருக்கும் வரும். இருவர் தங்கும் வீட்டில் கனமான வேலையின் இடைவெளி ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும். மூவர் இருந்தால், மூன்றால் வகுபடாத எண்ணாக இருக்க வேண்டும்.

பொருள்களைத் தேர்வதற்கு அழுக்கின் தன்மையைப் பார்த்தாலே போதும். ஆழ்துளைக் கிணற்று நீர் குழாயிலும் வாளியிலும் விட்டுப்போகும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. அதைச் சோப்பு கரைக்காது, அமிலம் கரைக்கும். அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைப்பதைக் கொண்டு அடையாளம் காணலாம். குழாய்க்கு வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றிவைத்துத் தேய்த்துக் கழுவினால் போதும். கழிப்பறைக் கோப்பைக்கு அதற்கென விற்கும் அமிலத் திரவத்தை விளிம்பின் உட்புறம் சுற்றிவிட்டு, 15 முதல் 20 நிமிடம் கழித்துப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இந்தத் திரவத்தைக் கோப்பைக்கு வெளியே கொண்டுவரக் கூடாது. மார்பிளையும் மொசைக்கையும் அது அரித்து மங்கச் செய்யும். டைல்ஸ் இடையிலுள்ள சிமெண்ட்டைத் தின்னும். எவர்சில்வர் சிங்க்கில் புள்ளி புள்ளியாகக் குழி விழச் செய்யும்.

சமையலறை அழுக்கு எண்ணெய். புதிய பிசுக்குக்குச் சுடுநீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். அடுப்பின் பின்சுவரில் மஞ்சளாக இறுகிய பழைய எண்ணெய்க்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். பர்னரைக் கழற்றுமுன் ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியபின் அதே சுடுநீரில் ஊறவைத்து, ஊசியால் துளைகளைத் திறந்து, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கரிபிடித்தால் துளை அடைத்திருக்கக்கூடும்.

டைல்ஸ் இடுக்கில் கறுப்பாகப் படரும் பூஞ்சைக்கு வீட்டு உபயோக பிளீச் திரவம் உதவும். 5 சதவீதத் திரவமானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. முதலில் சோப்பால் தேய்த்துக் கழுவிய பிறகு பூசி, பத்து நிமிடம் விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் அதிலேயே வீணாகிவிடும்.

பிளீச்சும் அமிலமும் சந்திக்கவே கூடாது. கழிப்பறைத் திரவமோ வினிகரோ பிளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். கதவு சாத்திய சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கண் எரிச்சலும் தொண்டைக் காறலும் இருமலும் அதன் முதல் அறிகுறிகள். உடனே வேலையை விட்டு வெளியே வந்து காற்றோட்டமான இடத்துக்குப் போக வேண்டும். மூச்சுத்திணறல் இருந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதனால் பிளீச் போடும் நாளையும் அமிலம் போடும் நாளையும் சீட்டிலேயே பிரித்துவிடுவது நல்லது. இந்த வீட்டுக்கான சீட்டு இப்படி அமையலாம்:

"சனிக்கிழமை காலை 11 மணிக்குள் அவரவர் முறை முடிய வேண்டும். குளியலறை முறைக்காரர் கூடத்தையும் துடைக்க வேண்டும். கழிப்பறைத் திரவமும் வினிகரும் சனிக்கிழமை மட்டும். பூஞ்சைக்கு பிளீச், ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, அந்த வாரக் குளியலறை முறைக்காரர், புதன்கிழமை மட்டும். எக்ஸாஸ்ட் ஃபேனும் ஃபிரிட்ஜும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அந்த வாரச் சமையலறை முறைக்காரர். ரப்பர் கையுறை கட்டாயம். கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். சிவப்பு ஸ்க்ரப்பர் குளியலறைக்கு, பச்சை சமையலறைக்கு, மாற்றக் கூடாது. ஊருக்குப் போகிறவர் முன்கூட்டியே சொல்லி, திரும்பிய வாரம் இரண்டு பக்கத்தையும் செய்ய வேண்டும். பொருள் செலவு பாதிப் பாதி. வார எண்ணைக் காலண்டரில் எழுத வேண்டும்."

பிளீச் வேலைக்கும் ஐந்து என்ற ஒற்றைப்படை இடைவெளி தரப்பட்டிருப்பதால் அதுவும் இருவருக்கும் மாறி மாறி வரும். ஆறு வாரம் கழித்து நேரத்தை மறுபடி அளந்து, ஒரு பக்கம் கூடியிருந்தால் ஒரு வேலையை இடம் மாற்றலாம். சீட்டை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். ஒருவர் எழுதி மற்றவர் பார்வையில் ஒட்டினால், அது கட்டளையாகவே படிக்கப்படும்.