ஒரே ராத்திரியில் 78 டாலர் பள்ளம்

2022 பிப்ரவரி 2, புதன்கிழமை. நியூயார்க்கில் சந்தை முடியும்போது, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பங்கு 323 டாலரில் நின்றது. மணியடித்த சற்று நேரத்தில் காலாண்டு முடிவுகள் வந்தன. ஃபேஸ்புக்கைத் தினமும் பயன்படுத்துவோர் எண்ணிக்கை முந்தைய காலாண்டைவிடக் குறைந்திருந்தது. மறுநாள் காலை 9.30-க்குப் பங்கு தொடங்கிய விலை 244 டாலர் சொச்சம். சந்தைக்காரர்கள் 'கேப் டவுன்' என்று சொல்வது இந்தப் பள்ளத்தைத்தான்.

அன்று மாலை 300 டாலர் ஸ்ட்ரைக்கில் ஒரு புட் ஆப்ஷனை விற்றுவிட்டுத் தூங்கப் போனவரை நினைத்துப் பார்க்கலாம். பங்கு எவ்வளவு விழுந்தாலும் 300 டாலருக்கு 100 பங்குகளை வாங்கிக்கொள்வேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குக் கூலியாகப் பங்குக்கு 5 டாலர், மொத்தம் 500 டாலர் பிரீமியம் கிடைத்ததாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். காலையில் அந்தப் புட்டைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால், பங்கு 244-ல் இருக்கும்போது குறைந்தபட்சம் 56 டாலர் கொடுக்க வேண்டும். அதாவது 5,600 டாலர். வந்தது 500, போனது அதைப்போல் பதினொரு மடங்கு.

ஸ்டாப் லாஸ் போட்டிருந்தால்? உதவியிருக்காது. மணியடித்த பிறகும் பங்கு கைமாறிக்கொண்டிருந்தது. ஆனால் பங்கின் ஆப்ஷன்களுக்கு அந்த நேரத்தில் சந்தை கிடையாது. '10 டாலரைத் தொட்டால் வாங்கிவிடு' என்ற ஆர்டர் காலையில்தான் விழித்துக்கொள்ளும், அப்போது கிடைக்கிற விலைக்கு வாங்கும்.

இதே ஆசாமி புட்டை மெட்டாவில் விற்காமல், எஸ் அண்ட் பி 500 குறியீட்டை அப்படியே ஏந்தும் SPY என்ற இன்டெக்ஸ் ஃபண்டில் விற்றிருந்தால் கதை வேறு. புதனன்று SPY 457 டாலரில் முடிந்தது. அதே 7 விழுக்காடு கீழே என்றால் ஸ்ட்ரைக் 425. மெட்டா 26 விழுக்காடு சரிந்த வியாழக்கிழமை, SPY இரண்டரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே இறங்கி 446 டாலர் சொச்சத்தில் முடிந்தது. ஸ்ட்ரைக்கை நெருங்கவேயில்லை. ஐந்நூறு நிறுவனங்களில் மெட்டாவின் எடை அப்போது சுமார் 2 விழுக்காடுதான். அதன் சரிவு மட்டும் குறியீட்டைத் தள்ளியது அரை விழுக்காடு. மீதி, கூடச் சேர்ந்து பயந்த மற்ற பங்குகளின் வேலை. அன்று மாலையே அமேசான் முடிவுகளை வெளியிட்டது. வெள்ளிக்கிழமை அந்தப் பங்கு 13 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. ஒன்றின் பள்ளத்தை இன்னொன்றின் மேடு நிரப்புவது இப்படித்தான்.

இதற்கு விலை உண்டு. SPY புட்டின் பிரீமியம், அதே தூரத்திலுள்ள மெட்டா புட்டின் பிரீமியத்தைவிடப் பல மடங்கு குறைவாகவே இருக்கும். காலாண்டு முடிவு வரும் நாள் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும் என்பதால், அதன் பயம் பங்கு ஆப்ஷனின் விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

ஃபண்ட் என்றால் பள்ளமே விழாது என்றும் இல்லை. 2020 மார்ச் 15, ஞாயிறு மாலை அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் குறைத்தது. திங்கள் காலை சந்தை திறந்ததுமே 7 விழுக்காட்டுக்கு மேல் விழுந்து, 15 நிமிடம் வியாபாரம் நிறுத்தப்பட்டது. நாள் முடிவில் சரிவு 12 விழுக்காடு. ஒரு கம்பெனியின் கெட்ட செய்தியைப் பரவலாக்கம் தாங்கும். எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே செய்தி வரும்போது அதனிடம் பதில் இல்லை.

பள்ளத்துக்குப் பிறகு வெளியேறும் வழி எவ்வளவு அகலம் என்பது அடுத்த கேள்வி. SPY-யில் நடப்பு விலையை ஒட்டிய ஆப்ஷன்களுக்கு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி சாதாரண நாளில் ஓரிரு சென்ட்தான். அதிகம் கைமாறாத ஒரு நடுத்தரக் கம்பெனியின் ஆப்ஷனில் 2.10-க்கு வாங்க ஆள், 2.60-க்கு விற்க ஆள் என்று இருக்கலாம். உள்ளே போய் உடனே வெளியே வந்தாலே ஒரு ஒப்பந்தத்துக்கு 50 டாலர் காலி. பதற்றமான காலையில் இந்த இடைவெளி இன்னும் விரியும். ஆனால் ஃபண்ட் என்ற பெயர் மட்டும் பணப்புழக்கத்தைக் கொண்டுவராது: ஆள் வராத சிறிய ஃபண்டின் ஆப்ஷன்கள், மெட்டாவின் ஆப்ஷன்களைவிட மோசமாகவே இருக்கும்.

இந்தியாவில் ஃபண்டின் மீது அல்லாமல், நிஃப்டி, பேங்க் நிஃப்டி போன்ற குறியீடுகளின் மீதே ஆப்ஷன் வியாபாரம் நடக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது எடை. 2024 ஜனவரி 16 மாலை ஹெச்டிஎஃப்சி பேங்க் காலாண்டு முடிவை வெளியிட்டது. மறுநாள் பங்கு 8 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. நிஃப்டியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே வங்கி. நிஃப்டி 2 விழுக்காடு இறங்கியது. அதன் எடை கால் பங்கைத் தாண்டியிருந்த பேங்க் நிஃப்டி, அதே நாளில் 4 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது.