‘இன்று மட்டும் 50%’: எந்த இன்று?

தீபாவளி முடிந்து மூன்று நாள் கழித்துக் கூகுளில் ஏதாவது ஒரு கடையின் பெயரோடு ‘கூப்பன்’ என்று சேர்த்துத் தட்டிப் பாருங்கள். ‘இன்று மட்டும் 50% தள்ளுபடி’ என்ற தலைப்பு இன்னும் பட்டியலில் நிற்கும். எந்த இன்று என்று அது சொல்லாது. உள்ளே போனால் பட்டனை அமுக்கச் சொல்லும், ஒரு கோடு வரும். அதைக் கடையின் பில் பக்கத்தில் போட்டால் ‘இந்தக் கூப்பன் செல்லாது’ என்ற சிவப்பு எழுத்து வரும்.

வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்றுதான் உடனே தோன்றும். சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் நேர்மையாக நடத்தப்படும் பக்கத்திலும் இது நடக்கும். காரணம், ஒரு பக்கத்தின் தலைப்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை. பக்கத்தை நடத்துபவரின் கணினியில் ஒரு பிரதி, கூகுளின் அட்டவணையில் இன்னொரு பிரதி, அந்த இணைப்பை யாராவது வாட்ஸ்அப்பில் பகிர்ந்திருந்தால் அந்தச் செய்திக்குள் மூன்றாவது பிரதி. முதல் பிரதியை ஒரு நொடியில் மாற்றலாம். இரண்டாவது, கூகுளின் ஊர்தி நிரல் அந்தப் பக்கத்துக்கு மறுபடி வரும்போதுதான் மாறும். அதற்குச் சில நாள் முதல் சில வாரம்வரை ஆகலாம். மூன்றாவது மாறவே மாறாது. குடும்பக் குழுவில் சித்தப்பா அனுப்பிய முன்னோட்டப் பெட்டியில் அன்றைய தலைப்பு அப்படியே உறைந்து கிடக்கும். கடை வாசல் கரும்பலகையை அழித்து எழுதிவிடலாம், ஊரெல்லாம் ஒட்டிய சுவரொட்டியை அழிக்க முடியாது. கூப்பன் பக்கத்தின் தலைப்பு சுவரொட்டி வகை. அதைக் கரும்பலகை என்று நினைத்து எழுதுவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

ஒரு கற்பனைச் சேலைக் கடையை வைத்து இதைக் கணக்காகவே பார்க்கலாம். அக்டோபர் 10 அன்று அந்தக் கடையின் கூப்பன் பக்கத்தில் மூன்று சலுகைகள் இருக்கின்றன. தேர்ந்தெடுத்த சில சேலைகளுக்கு 50% தள்ளுபடி, 15ஆம் தேதிவரை. ஒரு கூப்பன் கோடு போட்டால் 20% குறையும், 2,000 ரூபாய்க்கு மேல் வாங்க வேண்டும், அதிகபட்சம் 300 ரூபாய்தான் குறையும், 20ஆம் தேதிவரை. மூன்றாவது, 999 ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம், முடிவு தேதி குறிப்பிடப்படவில்லை. பக்கத்தை நடத்துபவர் வழக்கமான தலைப்பை வைக்கிறார்: ‘சேலைக் கடை கூப்பன்: 50% வரை தள்ளுபடி, இன்று மட்டும்’.

கூகுள் 14ஆம் தேதி வந்து இதைப் படித்துக்கொண்டு போகிறது, மறுபடி 19ஆம் தேதிதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 15ஆம் தேதி நள்ளிரவிலேயே நடத்துபவர் தலைப்பைத் திருத்திவிட்டாலும், தேடுகிறவருக்கு 16, 17, 18 மூன்று நாளும் பழைய 50%தான் தெரியும். பண்டிகைக்கு முந்தைய வாரம், கூட்டம் அதிகமாகத் தேடுகிற நாட்கள் அவை. ‘இன்று மட்டும்’ என்பதோ 10ஆம் தேதியிலேயே பொய், ஏனெனில் சலுகை ஐந்து நாள் ஓடப் போகிறது.

சரி, 50% முடிந்ததும் ‘20% தள்ளுபடி’ என்று மாற்றினால் போதுமா? 4,000 ரூபாய்ச் சேலைக்கு 20% என்றால் 800 ரூபாய் குறைய வேண்டும். உச்சவரம்பு 300 என்பதால் உண்மையில் குறைவது 7.5%தான். கோடு உயிரோடு இருக்கும்போதே தலைப்பு தவறாக வழிகாட்டுகிறது. 1,500 ரூபாய்க்கு வாங்குகிறவருக்கு ஒன்றுமே குறையாது. அதனால் இங்கே உண்மையான எண் 20 அல்ல, 300. ‘300 ரூபாய் வரை குறையும்’ என்று எழுதினால் எந்தச் சேலை வாங்குகிறவரும் ஏமாற மாட்டார்.

இனி தேதி. ‘இன்று’, ‘நாளை’, ‘இந்த வாரம்’, ‘சில மணி நேரமே’ ஆகியவை படிக்கும் நாளைப் பொறுத்துப் பொருள் மாறும் சொற்கள். சுவரொட்டியில் அவற்றுக்கு இடமே இல்லை. முழுத் தேதி அப்படியல்ல. ‘2025 அக்டோபர் 20 வரை’ என்று தலைப்பில் இருந்தால், அது கூகுளில் தேங்கி 25ஆம் தேதி கண்ணில் பட்டாலும் பொய்யாகாது. முடிந்துவிட்டது என்பதைத் தலைப்பே சொல்லிவிடும், வாசகர் அதைத் தாண்டிப் போய்விடுவார். வாட்ஸ்அப்பில் உறைந்த பிரதிக்கும் இது ஒன்றுதான் மருந்து. ஆண்டையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அக்டோபரில் அதே தலைப்பு மறுபடி உயிர்பெறும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தேடல் பட்டியலில் தலைப்புக்கு இவ்வளவுதான் அகலம் என்று இருக்கிறது. நீண்டால் வால் வெட்டப்படும். தேதியைக் கடைசியில் வைத்தால் வெட்டுப்படுவது அதுதான், மிஞ்சுவது தள்ளுபடி எண். ஆகவே தேதி முன்னால் வர வேண்டும்: ‘2025 அக். 20 வரை: சேலைக் கடை கூப்பன், ₹300 வரை குறையும்’. பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் எந்த நாளில் படித்தாலும் உண்மை.

தேதி தெரியாத சலுகை என்றால்? எண்ணைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுவதே முறை. ‘சேலைக் கடை கூப்பன்களும் சலுகைகளும், கடைசித் தேதியுடன்’ என்ற தலைப்பு எந்த மாதமும் பொருந்தும், உள்ளே உண்மையில் கடைசித் தேதி போட்டிருந்தால். அதற்கு 50%க்குக் கிடைக்கிற அளவு கிளிக் கிடைக்காது என்பதை மறைப்பதில் பயனில்லை.

அந்தக் கிளிக்கில்தான் பணம் இருக்கிறது. பல கூப்பன் பக்கங்களில் கோடு நேரடியாகத் தெரியாது. ‘கோடு காட்டு’ என்ற பட்டனை அமுக்கினால்தான் வரும், கூடவே கடையின் தளமும் இன்னொரு பக்கமாகத் திறக்கும். அந்தத் திறப்பில் ‘இந்த வாடிக்கையாளரை அனுப்பியது நான்’ என்ற அடையாளம் வாசகரின் உலாவியில் பதிந்துவிடுகிறது. கோடு செல்லாமல் போனாலும், கடைக்கு வந்தாகிவிட்டதே என்று அவர் குறிப்பிட்ட காலத்துக்குள் எதையாவது வாங்கினால், கமிஷன் கூப்பன் பக்கத்துக்குப் போகலாம். செத்த கோடும் சம்பாதித்துத் தருகிறது. காலாவதியானவற்றை உடனே அகற்றும் அவசரம் சிலருக்கு ஏன் இல்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இந்தத் தொழிலில் அடிக்கடி காணும் இன்னொரு வித்தை, மாதமும் ஆண்டும். தலைப்பில் ‘நவம்பர் 2025 கூப்பன்கள்’ என்று பளிச்சென்று இருக்கும். யாரோ உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்த்திருக்கிறார்கள் என்று தோன்றும். பல நேரம் சர்வரின் கடிகாரத்தைப் பார்த்து மாதப் பெயரைத் தானாக எழுதும் ஒரு வரி நிரல்தான் அது. மாதம் பிறந்ததும் தலைப்பு புதுசாகும், உள்ளே இருப்பவை ஜூலையில் போட்டவை. மாதத்தைப் போடவே கூடாது என்றில்லை. அது கடிகாரத்திலிருந்து வரக் கூடாது, யாராவது கடைசியாகக் கோடுகளைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து வர வேண்டும். பார்க்காத மாதத்தில் பழைய மாதமே நிற்கட்டும்.

கடிகாரம் வேறொரு வகையிலும் காலை வாரும். சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. அங்கே 20ஆம் தேதி முடியும்போது இந்தியாவில் 21ஆம் தேதி காலை ஐந்தரை மணி. நேரத்தை மாற்றி அமைக்காவிட்டால், நள்ளிரவில் செத்த கூப்பன் ஐந்தரை மணி நேரம் உயிரோடு இருப்பதாகவே பக்கம் காட்டும்.

தலைப்பை மட்டும் திருத்திவிட்டு உள்ளே பெரிய எழுத்தில் இருக்கும் ‘50%’ஐ விட்டுவைப்பதும் உதவாது. கூகுள் எப்போதும் நாம் தரும் தலைப்பையே காட்டுவதில்லை. 2021இல் அது வெளியிட்ட கணக்கின்படி சுமார் 87% நேரம்தான் பக்கத்தின் தலைப்புக் குறி பயன்படுகிறது. மற்ற நேரங்களில் பக்கத்துக்குள் இருக்கும் பெரிய தலைப்பு போன்றவற்றிலிருந்து அதுவே எடுத்துக்கொள்கிறது. காலங்கடந்த தலைப்பும் அப்படி மாற்றப்படும் காரணங்களில் ஒன்று என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. ஆகவே வெளியிலும் உள்ளிலும் ஒரே சேதி இருக்க வேண்டும்.

சலுகை முடிந்த பக்கத்தை என்ன செய்வது? ஒரு கடையின் பொதுக் கூப்பன் பக்கத்துக்கு முகவரி மாறக் கூடாது. ஆண்டுதோறும் வரும் விற்பனைக்கு ஆண்டுக்கொரு முகவரி திறக்காமல் ஒரே முகவரியைப் புதுப்பிக்கச் சொல்வது கூகுளின் பழைய அறிவுரை. ஒரே நாள் சலுகைக்கென்று தனிப் பக்கம் போட்டிருந்தால், அது திரும்பி வராது என்றும் உறுதியாகத் தெரிந்தால், வெளியிடும்போதே அதன் ஆயுளை எழுதிவைக்கலாம்:

```html
<meta name="robots" content="unavailable_after: 2025-10-21">
```

இந்தத் தேதிக்குப் பிறகு தேடலில் காட்ட வேண்டாம் என்பது இதன் பொருள். செத்த பக்கங்களை எல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது சிலருடைய பழக்கம். சேலைக் கூப்பன் தேடி வந்தவர் நடுத்தெருவில் நிற்பார். கூகுளும் அதைப் ‘பக்கம் இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.

இந்தியாவில் இது வெறும் நாகரிகப் பிரச்சினையும் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சொன்ன விலைக்குத் தர நியாயமான வாய்ப்பில்லாத தூண்டில் விளம்பரங்களைக் கட்டுப்படுத்துகின்றன. 2023 நவம்பரில் வந்த நெறிகள் பதின்மூன்று ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டன, அவற்றில் போலி அவசரமும் ஒன்று. ஐந்து நாள் ஓடும் சலுகைக்கு ‘இன்று மட்டும்’ என்று எழுதுகிறவர் அந்தப் பட்டியலை ஒருமுறை படிப்பது நல்லது.

வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது அதிகமில்லை. தலைப்பில் மாதம் இருந்து, உள்ளே ஒவ்வொரு கோட்டுக்கும் கடைசித் தேதி இல்லையென்றால் அந்தப் பக்கத்தை நம்ப வேண்டாம். சதவீதத்தைப் பார்த்ததும் உச்சவரம்பையும் குறைந்தபட்சத் தொகையையும் தேடுங்கள். பணம் செலுத்தும் முன் பில்லில் தொகை உண்மையில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள், குறையாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். கடையே விளம்பரம் செய்த சலுகையை மறுத்தால், திரையைப் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கலாம்.