அலுவலக நாட்கள் – 9: இருபதாம் தேதிக்குள் எத்தனை மணி நேரம்?

திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். சம்பளக் கணக்கு பார்த்தவர் வேலையை விட்டுப் போகிறார். "புது ஆள் வரும்வரை பார்த்துக்கோங்கம்மா" என்று அது ஜிஎஸ்டி பார்க்கும் பெண்ணிடம் வருகிறது. மூன்று மாதமாகியும் புது ஆள் வரவில்லை.

அவர் மேலாளரிடம் போய் "வேலை ரொம்ப அதிகம் சார்" என்றால், "எல்லாருக்கும் அப்படித்தான்" என்ற பதில்தான் வரும். மேலாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த வேலை எத்தனை மணி நேரம் தின்கிறது என்பது செய்பவருக்கு மட்டுமே தெரியும்.

கணக்குப் பிரிவில் நெருக்கடி மாதத்தின் முதல் இருபது நாட்களில்தான். ஏழாம் தேதி டிடிஎஸ், 11 அன்று ஜிஎஸ்டிஆர்-1, 15 அன்று பிஎஃப், இஎஸ்ஐ, 20 அன்று 3பி. கொள்முதல் பில்களை ஒப்பிட வேண்டிய 2பி அறிக்கையே 14ஆம் தேதிதான் வரும். அந்த ஆறு நாளில் அவசரப்பட்டால், உள்ளீட்டு வரி வரவு விடுபட்டு நிறுவனம் கூடுதலாகப் பணம் கட்டும்; தகுதியில்லாத வரவை எடுத்துவிட்டால் பின்னால் நோட்டீஸ் வரும்.

ஆகவே முதலில் ஒரு மாதம் நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். அந்த இருபது நாளில் ஞாயிறு போக 17 நாள், நாளுக்கு 8 மணி என்றால் கையில் இருப்பது 136 மணி நேரம். இவர் பட்டியலைக் கூட்டினால் 181 வருகிறது. மிஞ்சுவது 45. அதில் 32 மணி நேரம் வருகைப்பதிவும் ஓவர்டைமும் கணக்கிடுவது. வருகைப் பதிவேடு இருக்கும் டைம் ஆபீஸுக்கே அது போகலாம். பணம் கேட்டு வரும் சப்ளையர் போன்களை 20ஆம் தேதிக்குப் பிறகு பேசுவதாக வைத்தால் 13 மணி மிச்சமாகும். பொதுவாக "உதவிக்கு ஆள் வேண்டும்" என்பதைவிட, எந்த வேலை, யாரிடம், எந்தத் தேதியிலிருந்து என்று கேட்பதற்கே தீர்வு கிடைக்கும்.

18ஆம் தேதி போய்க் கேட்காதீர்கள். அன்று மேலாளரும் பதற்றத்தில் இருப்பார். 22, 23 நல்ல நாள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றால், "சரி சார், இந்த மாசம் 2பி ஒப்பிடுறதா, வருகைக் கணக்கா, எதைத் தள்ளி வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று பட்டியலை முன்னால் வையுங்கள். தள்ளிவைப்பதன் விளைவு அவருடைய முடிவாகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கும்.

கொடுக்கும்போது வேலையை முழுதாகக் கொடுங்கள். கணக்கிடுவது டைம் ஆபீஸ், சந்தேகத்துக்கும் சரிபார்ப்புக்கும் நீங்கள் என்றால் பாதி உங்களிடமே தங்கிவிடும். முதல் மாதம் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவே நேரம் போகும். மிச்சம் இரண்டாம் மாதத்தில்தான் தெரியும். இதையும் மேலாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பேசி முடிந்த அன்று மாலையே யாருக்கு எந்த வேலை, எந்தத் தேதியிலிருந்து என்று நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பி, வேலையை ஏற்பவரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.