யாரும் மீட்டாத காந்தாரம்

விடியற்காலை நாலரை மணி. விளக்கை ஏற்றிவிட்டுத் தம்பூராவை மடியில் சாய்த்துக்கொள்கிறேன். நடுவிரல் பஞ்சமத்தைத் தொடுகிறது. ஆள்காட்டி விரல் சாரணை, அனுசாரணை இரண்டையும் மீட்டி மந்தரத்தில் வந்து நிற்கிறது. நான்கு கம்பிகளில் இருப்பவை ‘ப’வும் ‘ச’வும் மட்டும்தான். ஆனால் நாலைந்து சுற்றுக்குப் பிறகு இன்னொரு சுரம் கேட்கத் தொடங்கும். மந்தரக் கம்பியின் ஒலி அடங்கி வரும்போது, அதன் மேலே வெகு மெல்லியதாக அந்தர காந்தாரம் எழுந்து நிற்கும். அதற்கென்று தம்பூராவில் ஒரு கம்பி கிடையாது. அதை யாரும் மீட்டவும் இல்லை. தானே தோன்றியது என்பதால் நம் முன்னோர் அதற்குச் சுயம்பு என்றே பெயரிட்டார்கள்.

அந்தச் சுரம் எங்கிருந்து வருகிறது? ஒரு கட்டை சுருதியில் மந்தரக் கம்பி விநாடிக்குச் சுமார் 65.4 முறை அதிர்கிறது. அதே நேரத்தில் கம்பி தனக்குள் இரண்டாக, மூன்றாக, நான்காக, ஐந்தாகப் பகுந்தும் அதிர்கிறது. ஐந்து பகுதியாக அதிரும்போது பிறக்கும் 327 அதிர்வுதான் காந்தாரம். இந்தக் கணக்கை மனிதர் யாரும் எழுதி வைக்கவில்லை. இழுத்துக் கட்டிய எந்தக் கம்பிக்குள்ளும் படைத்தவன் எழுதி வைத்திருக்கிறான். மற்ற பல வாத்தியங்களில் அது சட்டென்று வந்து மறைந்துவிடும். தம்பூராவில் நிதானமாக மலர்கிறது. காரணம், குதிரையின் மேற்புறம் மெல்லிய வளைவோடு இருப்பதும், கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே செருகியிருக்கும் ஜீவா என்ற நூலிழையும். கம்பி அதிரும்போது அந்த வளைவை உரசி உரசி மேல்சுரங்களை எழுப்புகிறது. நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் போதும், ஒலி மரத்துப்போகும். சரியான இடம் கிடைத்தால் குடம் முழுவதும் ரீங்கரிக்கும்.

கம்பியை நடுவில் மீட்டினால் சில மேல்சுரங்கள் எழக்கூடாது என்பது தாமஸ் யங் கண்ட விதி. தம்பூராவிலும் வீணையிலும் அவை எழுவதைக் கொல்கத்தாவில் இருந்த சர் சி.வி. ராமன் கவனித்து, 1921-ல் எழுதிய கட்டுரையில் இந்தக் குதிரையின் அமைப்பே அதற்குக் காரணம் என்று காட்டினார். பெயர் தெரியாத தச்சர் ஒருவர் காதை மட்டும் நம்பிச் செதுக்கிய வளைவு அது.

மௌனமாக அமர்ந்து மூச்சை மெதுவாக்கப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் தம்பூராவைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை. ராகம் அப்படியல்ல. ஹிந்தோள ஆலாபனை ஒலித்தால், கேட்டுப் பழகிய மனம் ‘சாமஜவரகமனா’வைத் தேடி ஓடும். அடுத்த பிடி என்ன என்று காத்திருக்கும்போது மூச்சும் காத்திருக்கும். ராகம்தான் வேண்டும் என்றால் சொல்லும் தாளமும் இல்லாத விளம்பகால ஆலாபனையாக, மனப்பாடமாகாத ராகமாக இருக்கட்டும்.

கடல் அலையும் மழையும் இதமானவை. ஆனால் அலை நம் மூச்சுக்குக் காத்திராது. சில நேரம் ஐந்து விநாடிக்கு ஒன்று வரும், சில நேரம் பத்து விநாடி கழித்து வரும். அதன் பின்னால் போகும் மூச்சு திணறிவிடும். அலையைக் கேட்கலாம், அதோடு மூச்சைக் கட்டக்கூடாது. ஒலிப்பதிவாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். அரை நிமிடத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அதே காகம் அதே இடத்தில் மூன்றாம் முறை கரையும்போது காது விழித்துக்கொள்ளும்.

நம் உடம்புக்குள்ளும் ஒரு சுருதி இருக்கிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்துப் பாருங்கள். துடிப்பு சற்று விரையும். வெளியே விடும்போது நிதானப்படும். இரத்த அழுத்தமும் ஏறக்குறைய பத்து விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் இயல்புள்ளது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை ஓடும் மூச்சு ஆறுக்கு வந்தால், மூச்சு, இதயம், அழுத்தம் மூன்றும் ஒரே அலையில் சேர்கின்றன. இரண்டு கம்பிகள் சுருதி சேரும்போது ஒன்றையொன்று வளர்ப்பதைப் போல.

என் சித்திக்குத் தம்பூராவோடு மூச்சைச் சேர்க்கக் கற்றுக்கொடுத்த விதத்தைச் சொல்கிறேன். அவரிடம் இருந்தது மின்சாரத் தம்பூரா. வீட்டில் யாரோ ஒரு கட்டையில் வைத்திருந்தார்கள். மூச்சை விடும்போது மெல்ல ‘ம்’ என்று முனகச் சொன்னேன். குரல் தரையைத் தொட்டுத் தடவியது, தொண்டை இறுகியது. ஐந்து கட்டைக்கு ஏற்றினோம். முனகல் தானாக ‘ச’வில் போய் உட்கார்ந்தது. பெரும்பாலான பெண்களுக்கு ஐந்தை ஒட்டியும் ஆண்களுக்கு ஒன்று முதல் இரண்டு வரையும் பொருந்தும். பெட்டியில் உள்ள எண்ணைவிட உங்கள் முனகலை நம்புங்கள்.

அடுத்தது வேகம். ஒரு சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே என்பதே கணக்கு. நான்கு கம்பிகளும் ஐந்து விநாடியில் ஒலித்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சித்தி முதல் நாளே அதில் தொடங்கினார். மூன்றாம் நிமிடம் கொட்டாவி வந்தது, பிறகு வாயைத் திறந்து ஒரு பெருமூச்சு. மூச்சு போதவில்லை என்று உடம்பு சொல்லும் அடையாளம் அது. சுற்றை நான்கு விநாடியாக்கினோம். ஏழரை மூச்சு சுகமாக நின்றது. இரண்டு வாரம் கழித்துத்தான் ஐந்துக்குப் போனோம். தலை சுற்றினால் அங்கேயே நிறுத்தி இயல்பாக மூச்சு விடவேண்டும். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. மூச்சை உள்ளே அடக்கி வைப்பது இந்தப் பயிற்சியில் இல்லை.

கம்பித் தம்பூரா வைத்திருப்பவர்கள் சாரணையையும் அனுசாரணையையும் சேர்த்து மீட்டிப் பாருங்கள். ‘வோம் வோம்’ என்று ஒலி விம்மினால் சுருதி சேரவில்லை. ஒன்று 131, மற்றது 130 என்றால் விநாடிக்கு ஒரு விம்மல். பிருடையை மெல்லத் திருப்பத் திருப்ப விம்மல் நீண்டு, நீண்டு, ஒரு கணத்தில் நின்றுவிடும். இரண்டு கம்பி என்ற எண்ணமே அப்போது போய்விடும்.

ஒலியின் அளவு எவ்வளவு? உங்கள் மூச்சின் சத்தம் உங்களுக்குக் கேட்கவேண்டும், அவ்வளவுதான். தம்பூரா அதை மூழ்கடித்தால் குறையுங்கள். குறைத்த பின்னும் காந்தாரம் கேட்கிறதா என்று கவனியுங்கள். மனம் அலைந்தால் அது கேட்காது, அடங்கினால் திரும்பி வரும். ‘இன்று நன்றாக அமர்ந்தோமா’ என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

பதினைந்து நிமிடம் ஆனதும் தம்பூராவை நிறுத்துங்கள், எழுந்துவிடாதீர்கள். இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 24 பேருக்குப் பல வகை இசையைப் போட்டுக் காட்டி 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இசையின் வேகம் கூடக்கூட மூச்சும் நாடியும் கூடின. நடுவே விட்ட இரண்டு நிமிட மௌனத்திலோ, இசைக்கு முன்பு அமைதியாக இருந்த நிலைக்கும் கீழே நாடியும் இரத்த அழுத்தமும் இறங்கின.

விரலை எடுத்த பிறகு மந்தரக் கம்பி இன்னும் சில விநாடி அதிர்ந்துகொண்டிருக்கும். முதலில் பஞ்சமம் போகும், பிறகு ‘ச’ மங்கும். காந்தாரம் எப்போது போனது என்று இத்தனை வருடங்களில் ஒருநாள்கூட என்னால் சொல்ல முடிந்ததில்லை. அது போய்விட்டது என்று நான் அறியும்போது மூச்சு தானே நடந்துகொண்டிருக்கும், நான் நடத்தாமல். அதையும் யாரோ மீட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.