நிமிர்ந்த கட்டடம் படுத்துக்கொள்வது ஏன்?

தஞ்சோங் பகாரில் 50 மாடி உயரத்துக்கு நிற்கிறது ‘பினக்கல்@டக்ஸ்டன்’ வீவக குடியிருப்பு. அவ்வளவு உயரமான கட்டடம் முழுவதும் தெரிய வேண்டுமென்றால், கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்துத்தான் படம் எடுக்க வேண்டும். கைப்பேசியில் பார்த்தால் கட்டடம் நிமிர்ந்து நிற்கும். அதே படத்தை ஓர் இணையத்தளத்தில் பதிவேற்றினால், சில நேரங்களில் கட்டடம் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். படம் வழியில் எங்கும் திரும்பவில்லை. அது முதலிலிருந்தே படுத்துத்தான் இருந்தது!

கேமராவின் உள்ளே ஒளியைப் பதியும் உணரி அசையாமல் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் நீளமான பக்கம் கைப்பேசியின் நீளமான பக்கத்தை ஒட்டி அமைந்திருக்கும். ஆகவே, நாம் எப்படிப் பிடித்தாலும் உணரி தன் வரிசைப்படியே பிக்சல்களைப் பதிவுசெய்யும். 12 மெகாபிக்சல் படம் என்றால் பொதுவாக அகலம் 4032, உயரம் 3024 பிக்சல்கள். கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்திருந்தால் இந்தப் பதிவில் கட்டடத்தின் உச்சி இடப்பக்கம் இருக்கும்.

ஒரு கோடியே இருபது லட்சம் பிக்சல்களையும் இடம் மாற்றி அடுக்குவதற்குப் பதிலாக, கைப்பேசி ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைக்கிறது. படக் கோப்புக்குள் ‘எக்சிஃப்’ என்ற தகவல் பகுதி உண்டு. படம் எடுத்த நாள், நேரம் போன்றவை அங்கேதான் இருக்கும். அதில் `Orientation` என்ற இடத்தில் 1 முதல் 8 வரை ஓர் எண் எழுதப்படுகிறது. 1 என்றால் அப்படியே காட்டு. 3 என்றால் தலைகீழாகத் திருப்பு. 6 என்றால் கடிகார திசையில் 90 பாகை திருப்பு. 8 என்றால் எதிர்த்திசையில் 90 பாகை திருப்பு. மற்ற நான்கும் கண்ணாடிப் பிம்பங்களுக்கு உரியவை. நம் கட்டடப் படத்தில் இருப்பது 6.

கைப்பேசியின் படத்தொகுப்பு 6-ஐப் படித்துப் படத்தைத் திருப்பிக் காட்டுகிறது. ஆனால், சில தளங்கள் படத்தைச் சிறிதாக்கும்போது எக்சிஃப் தகவலை முழுவதும் நீக்கிவிடும். படம் எடுத்த இடமும் அதில் பதிவாகியிருக்கலாம் என்பதால், அதை நீக்குவதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் பிக்சல்களைத் திருப்பாமல் குறிப்பை நீக்கினால், கட்டடத்தின் உச்சி இடப்பக்கமே நின்றுவிடும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஒரு செயலி பிக்சல்களைச் சரியாகத் திருப்பிவிட்டு, 6 என்ற குறிப்பை அழிக்க மறந்துவிடும். அடுத்த செயலி அதை நம்பி இன்னொரு முறை திருப்பும். அப்போது உச்சி வலப்பக்கம் போய்விடும். ஆகவே, செங்குத்தாக எடுத்த படத்தில் உச்சி இடப்பக்கம் இருந்தால் குறிப்பு தொலைந்திருக்கிறது அல்லது படிக்கப்படவில்லை. வலப்பக்கம் இருந்தால் படம் இருமுறை திரும்பியிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

மேசைமேல் வீட்டுப்பாடத் தாளை வைத்துப் படம் எடுக்கும்போது வருவது வேறு சிக்கல். கைப்பேசி தன் நிலையை முடுக்கமானி மூலம் அறிகிறது. புவியீர்ப்பு எந்த விளிம்பின் பக்கம் இழுக்கிறதோ அதுவே கீழ்ப்பக்கம். கைப்பேசியைத் தாளுக்கு மேலே கிடையாகப் பிடித்தால், புவியீர்ப்பு எந்த விளிம்பின் பக்கமும் இழுக்காது. கைப்பேசியின் முதுகுப்பக்கமாகவே இழுக்கும். அதனால் தவறான எண் பதிவாகலாம். இத்தகைய படம் கைப்பேசியிலேயே சாய்ந்து தெரியும். அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கைப்பேசியை முதலில் நிமிர்த்திப் பிடித்து, பிறகு மெதுவாகத் தாளை நோக்கிச் சாய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மற்ற இரண்டு பிழைகளையும் தவிர்க்க, பதிவேற்றும் முன்பே பிக்சல்களைத் திருப்பிவிட வேண்டும். எளிய வழி, நிமிர்ந்து தெரியும் படத்தைத் திரைப்பிடிப்பு செய்து அதைப் பதிவேற்றுவது. ஆனால், திரையில் உள்ள பிக்சல்கள் மட்டுமே கிடைக்கும் என்பதால் சிறிய எழுத்துகள் மங்கலாம். தெளிவு குறையக்கூடாது என்றால், பைத்தான் தெரிந்தவர்கள் ‘பில்லோ’ தொகுப்பை நிறுவி இதை இயக்கலாம்:

```
from PIL import Image, ImageOps
img = Image.open("photo.jpg")
img = ImageOps.exif_transpose(img)
img.save("fixed.jpg", quality=95)
```

மூன்றாவது வரி, குறிப்பில் உள்ள எண்ணைப் படித்துப் பிக்சல்களைத் திருப்பி, அந்தக் குறிப்பையும் நீக்கிவிடுகிறது. இப்போது `fixed.jpg` கோப்பின் அகலம் 3024, உயரம் 4032. திருப்பச் சொல்லும் குறிப்பே இல்லாததால், எந்தத் தளமும் அதைத் தவறாகத் திருப்ப வழியில்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. இந்த நிரலைக் கைப்பேசியில் உள்ள மூலப்படத்தில்தான் இயக்க வேண்டும். தளத்திலிருந்து பதிவிறக்கிய படத்தில் குறிப்பு ஏற்கெனவே போயிருந்தால், எந்தப் பக்கம் திருப்புவது என்று நிரலுக்குத் தெரியாது. படம் படுத்தபடியே இருக்கும்.