முதலில் வரும் நீர் தொட்டிக்கு அல்ல!

திருவண்ணாமலையில், அருணாசல மலையின் தென் அடிவாரத்தில், செங்கம் சாலையை ஒட்டி அமைந்துள்ளது ரமணாசிரமம். இப்பகுதி வீடுகளின் மொட்டை மாடிகளில் குரங்குகளும் மயில்களும் உலவுவது வழக்கம். அவற்றின் எச்சமும் இலைச் சருகும் கோடைப் புழுதியும் மாடியிலே படிந்து கிடக்கும். அம்மாடியில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்க்கலாமா? சேர்க்கலாம். ஆனால், முதலில் வரும் நீரை ஒதுக்கிவிட வேண்டும்.

எவ்வளவு ஒதுக்குவது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். மாடியின் பரப்பு 60 சதுர மீட்டர் என்று கொள்வோம். ஒருநாள் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால், 60 × 20 = 1200 லிட்டர். தளம் உறிஞ்சுவதும் வெளியே தெறிப்பதுமாக ஐந்தில் ஒரு பங்கு போனால், குழாய் வழியே வருவது சுமார் 960 லிட்டர். இதில் முதல் 60 லிட்டர்தான் மாடியைக் கழுவிக்கொண்டு வருகிறது. அதை ஒதுக்கினால் 900 லிட்டர் நல்ல நீர் நமக்கு மிஞ்சும்.

ஒதுக்கும் வேலையை நீரே செய்துகொள்ளும். மாடியிலிருந்து இறங்கும் குழாயின் அடியில் 60 லிட்டர் கொள்ளும் மூடிய பீப்பாய் ஒன்றை இணைக்க வேண்டும். அதற்குச் சற்று மேலே, குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து வடிகட்டிக்குச் செல்லும். நீர் முதலில் நேராக இறங்கிப் பீப்பாயை நிரப்பும். அது நிரம்பியதும் நீர்மட்டம் குழாயில் ஏறி, பின்னால் வரும் நீர் கிளை வழியே திரும்பிவிடும். பீப்பாயின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அழுக்கு நீர் அதன் வழியே சொட்டி வடிந்து, அடுத்த மழைக்குப் பீப்பாய் காலியாகிவிடும்.

வடிகட்டியில் அடியில் கூழாங்கல், நடுவில் சிறு சல்லி, மேலே மணல் இருக்கும். மணல் தூசியைத் தடுக்கும்; கிருமிகளை முழுவதும் தடுக்காது. ஆகவே குடிக்கும் நீரைக் காய்ச்ச வேண்டும்.

இங்கே தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை உண்டு. எனவே மே மாத இறுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் மாடியைப் பெருக்கி, மேல் மணலை எடுத்து அலசிப் போட வேண்டும். தொட்டியின் மூடி இடைவெளியின்றிப் பொருந்துகிறதா, நிரம்பி வழியும் குழாயில் கொசுவலை கிழியாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு இத்தகைய தொட்டிகளில்தான் முட்டையிடும்.

மழையின்போது வடிகட்டி மேலாக வழிந்தால் மணல் அடைத்துக்கொண்டது என்று அறியலாம். மற்றொரு பழுதோ கண்ணுக்குத் தெரியாது. மழை விட்ட மறுநாள் பீப்பாயைத் தட்டிப் பாருங்கள். காலியாக இருந்தால் 'டங்'கென்று ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் துளையைச் சருகு அடைத்திருக்கிறது. அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குப் போய்விடும். ஒரு மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட்டால் போதும்.