சளிக்கு ஏன் கேட்பதில்லை அந்தக் கேப்சூல்?

மழை பிடித்துக்கொண்டால் போதும். தோட்டத்து வீடானாலும் பட்டணத்து அடுக்குமாடியானாலும் ஒருவர் தும்மத் தொடங்குவார், வாரம் முடிவதற்குள் வீடே தும்மும். உடனே பலர் தேடுவது ஆன்டிபயாட்டிக் மருந்தை. இதைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்குரிய பதில்களையும் இங்கே தருகிறோம்.

கேள்வி: என் 6 வயது மகனுக்குத் திங்கட்கிழமை சளி பிடித்தது. வியாழக்கிழமை மூக்குச்சளி பச்சையாக மாறிவிட்டது. போன மாதம் மூத்தவளுக்குக் காதுவலி வந்தபோது டாக்டர் கொடுத்த அமாக்சிசிலின் சிரப் அரைப் புட்டி மீதி இருந்தது. அதை மூன்று நாள் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பையன் எழுந்து விளையாடப் போய்விட்டான். மருந்து கேட்டது என்றுதானே அர்த்தம்? (ஒரு தாய், தோட்டப்புறம்)

பதில்: சகோதரி, நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். சாதாரணச் சளி இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல இறங்கி, 7 முதல் 10 நாளில் தானாகவே போய்விடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம்கூட நிற்கலாம். நீங்கள் மருந்து கொடுத்தது நான்காம் நாள். பையன் எழுந்தது ஏழாம் நாள். ஒரு சொட்டு மருந்து கொடுக்காமல் இருந்திருந்தாலும் அநேகமாக அதே ஞாயிற்றுக்கிழமைதான் எழுந்திருப்பான். சளி முற்றிய நாளில்தான் நாம் மருந்தைத் தேடுகிறோம். அது இறங்கும் நேரமும் அதுவே. அதனால் பெயர் மருந்துக்குப் போய்விடுகிறது.

பச்சைச் சளியைக் கண்டும் பயப்பட வேண்டாம். கிருமியோடு போராட வரும் வெள்ளை அணுக்களுக்குள் பச்சை நிறமுடைய ஒரு பொருள் இருக்கிறது. சளி கெட்டியாகும்போது அந்த நிறம் தெரிகிறது. நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர் கலந்த அமாக்சிசிலின் சிரப் சில நாட்களுக்குத்தான் நிற்கும். புட்டியைப் பொறுத்து 7 அல்லது 14 நாள். போன மாதத்துப் புட்டியில் இருந்தது வீரியம் குறைந்த மருந்து. அது நல்லதைச் செய்யாது, கெடுதலைச் செய்யக்கூடும். எப்படி என்று கீழே பார்ப்போம்.

கேள்வி: எத்தனையோ பெரிய நோய்களைத் தீர்க்கும் மருந்து, இந்தச் சின்னச் சளியைத் தீர்க்காதா? (ஓர் அன்பர், ஈப்போ)

பதில்: மருந்து பெரியதா நோய் சின்னதா என்பதல்ல கணக்கு. மருந்து தாக்கும் இடம் அந்தக் கிருமியிடம் இருக்கிறதா என்பதே கணக்கு.

நோய் தரும் கிருமிகளில் பாக்டீரியா ஒரு வகை, வைரஸ் மற்றொரு வகை. பாக்டீரியா தனிக்குடித்தனம் நடத்தும் உயிர். தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ளும். தனக்கு வேண்டிய புரதத்தைத் தானே தயாரிக்கும். பென்சிலினும் அமாக்சிசிலினும் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. சுவர் பலவீனப்பட்டு பாக்டீரியா வெடித்துச் சாகிறது. எரித்ரோமைசின் போன்றவை புரதம் தயாரிக்கும் வேலையை நிறுத்துகின்றன.

வைரஸுக்கோ சுவரும் கிடையாது, சொந்தப் பட்டறையும் கிடையாது. நம் மூக்கின் உள்தோலில் இருக்கும் அணுவுக்குள் புகுந்து, நம் பட்டறையிலேயே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. இடிப்பதற்குச் சுவரே இல்லாதபோது, சுவரை இடிக்கும் மருந்து என்ன செய்யும்? சளியை உண்டாக்குபவை வைரஸ்களே. ரைனோவைரஸ் என்ற ஒரு குடும்பத்தில் மட்டும் 100-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. பென்சிலின் இவற்றில் ஒன்றைக்கூடத் தொடாது.

கேள்வி: சரி, வேலை செய்யாவிட்டால் போகட்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று சாப்பிட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்? எம்.சி. வாங்கப் போகும்போது நானே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன். (ஒரு தொழிலாளர், கிள்ளான்)

பதில்: தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடித்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். மலாய்க்காரர்கள் 'சம்பாவ்' என்று சொல்லும் புல் நம் வழியோரங்களில் எங்கும் முளைக்கும். கிளைபோசேட் அடித்தால் முன்பெல்லாம் அது கருகிவிடும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததில், அதற்குச் சாகாத சம்பாவ் புல் 1997-இல் மலேசியாவிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மருந்து புல்லுக்குப் புதிய பலம் எதையும் கொடுக்கவில்லை. ஆயிரத்தில் ஒன்றாக ஒளிந்திருந்த சாகாத செடியை விட்டுவிட்டு, அதற்குப் போட்டியாக இருந்த மற்றவற்றை அழித்துக் கொடுத்தது. காலியான நிலம் முழுவதும் அதன் வாரிசுகளுக்குக் கிடைத்தது.

நம் உடம்பிலும் அப்படித்தான். நம் குடலிலும் தொண்டையிலும் தோலிலும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை சாதுவானவை, சில நன்மையும் செய்கின்றன. சளிக்கு நீங்கள் விழுங்கிய கேப்சூல், வைரஸைத் தொடாமல் இவற்றின்மேல் போய் விழுகிறது. சாகக்கூடியவை செத்துப்போகும். அந்த மருந்தையே அறுத்துப்போடும் நொதியை வைத்திருக்கும் சில மட்டும் தப்பும். வசதி கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். சோதனைச்சாலையில் அப்படிப் பிரியும் ஒன்று, எட்டு மணி நேரத்தில் ஒரு கோடியைத் தாண்டிவிடும். குடலில் அவ்வளவு வேகம் இராது என்றாலும், இடம் பிடிக்கும் விதம் அதுவேதான்.

இவை உடனே நோய் தருவதில்லை. குடலில் அமைதியாக இருக்கும். இரண்டு மாதம் கழித்து அதே குடல் பாக்டீரியா சிறுநீர்ப் பாதைக்குள் புகுந்தால்தான் வினை தெரியும். வழக்கமான மாத்திரைக்கு எரிச்சலும் காய்ச்சலும் அடங்காது. ஆஸ்பத்திரியில் படுத்து ஊசிமூலம் வேறு மருந்து ஏற்ற வேண்டிவரலாம். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களிடம் இப்படிப்பட்ட பாக்டீரியாக்கள் முதல் மாதத்தில் மிக அதிகமாக இருப்பதும், ஓர் ஆண்டு வரைகூட நீடிக்கக்கூடும் என்பதும் ஆராய்ச்சியில் தெரிந்த உண்மை. இதைத் தவிர வயிற்றுப்போக்கு, தடிப்பு, அரிப்பு என்று உடனே வரும் தொல்லைகளும் உண்டு.

கேள்வி: அடிக்கடி சாப்பிடுகிறவர்களுக்குத்தானே உடம்பு மருந்துக்குப் பழகிப்போகும்? நான் எப்போதாவதுதான் சாப்பிடுகிறேன். (ஒரு வாசகி, சிங்கப்பூர்)

பதில்: பலரும் நினைத்துக்கொண்டிருப்பது இதுதான், ஆனால் தவறு. மருந்துக்குப் பழகுவது உங்கள் உடம்பு அல்ல, கிருமிதான். கிருமி ஒரே ஆளிடம் தங்குவதில்லை. கை கழுவாமல் சமைத்த சோற்றில், குழந்தைகள் பகிர்ந்துகொள்ளும் விளையாட்டுப் பொருளில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அது ஆளுக்கு ஆள் தாவும். மருந்தை அறுக்கும் வித்தையைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கற்றுக்கொடுத்துவிடும். அந்த வித்தை எழுதிய மரபுத் துணுக்கை ஒன்று மற்றொன்றுக்குக் கைமாற்றிக் கொடுக்கிறது. ஆகவே வாழ்நாளில் ஆன்டிபயாட்டிக் தொடாத பாட்டிக்கும், பேரனிடமிருந்து அது போய்ச் சேரலாம்.

பென்சிலினை 1928-இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் இதைக் கற்பனைக் கதையாகவே சொன்னார். தொண்டைவலி வந்த ஒருவர் தானே பென்சிலின் வாங்கி, போதாத அளவில் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. பென்சிலின் கேட்கவில்லை, மனைவி இறந்துபோகிறாள். தவறு செய்தவர் ஒருவர், தண்டனை அடைந்தவர் வேறொருவர். மூத்தவளின் பழைய புட்டியைத் தம்பிக்கு ஊற்றும்போது நினைக்க வேண்டிய கதை இதுதான்.

கேள்வி: அப்படியானால் டாக்டரிடமே போக வேண்டாமா? எது வெறும் சளி, எது ஆபத்து என்று எப்படித் தெரிந்துகொள்வது? (ஒரு தந்தை, சுங்கைப் பட்டாணி)

பதில்: போகத்தான் வேண்டும், எப்போது என்று தெரிந்து போக வேண்டும். சளி 10 நாள் ஆகியும் சற்றும் குறையாதபோதும், குறைந்து வந்தது மறுபடி காய்ச்சலோடு திரும்பும்போதும், காதுவலியோ காதில் சீழோ வரும்போதும் டாக்டர் பார்க்க வேண்டும். தொண்டை கடுமையாக வலித்து, காய்ச்சலும் கழுத்தில் வீங்கிய கட்டியும் இருந்து, இருமலோ மூக்கொழுகலோ இல்லையென்றால் அது பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைச் சரியாகத் தீர்க்காவிட்டால் சிலருக்கு இருதய வால்வைக் கெடுக்கும் வாதக்காய்ச்சல் வரும். அங்கே பென்சிலின் கட்டாயம் வேண்டும்.

மிக முக்கியமானது மூச்சு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் 1 வயதுக்குள் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியாவாக இருக்கக்கூடும், அன்றே காட்டுங்கள். விலா எலும்புக்குக் கீழே உள்ளிழுத்தாலோ, பால், தண்ணீர் குடிக்காவிட்டாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். மூக்கொழுகல் இல்லாமல் கடும் காய்ச்சல் என்றால் நம் நாட்டில் டிங்கியையும் நினைக்க வேண்டும். அதற்கும் ஆன்டிபயாட்டிக் பயன்படாது.

கேள்வி: டாக்டர் எழுதிக் கொடுத்ததை, குணமானதும் பாதியில் நிறுத்தலாமா? (ஓர் இல்லத்தரசி, சிரம்பான்)

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாக நீட்டிக்கவும் வேண்டாம். நீண்ட நாள் சாப்பிட்டால்தான் நல்லது என்று முன்பு நினைத்தார்கள். சில நோய்களுக்குக் குறைந்த நாட்களே போதும் என்று இப்போது தெரிந்திருக்கிறது. காச நோய்க்கோ பொதுவாக 6 மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத காசம் உருவாகும். எத்தனை நாள் என்பது நோயைப் பொறுத்தது. அதை டாக்டரிடம் கேட்டு, சொன்ன நேரத்தில், சொன்ன அளவில் சாப்பிடுங்கள்.

டாக்டரிடம் போனால் "ஆன்டிபயாட்டிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "இது பாக்டீரியாவா, வைரஸா? மருந்து இல்லாமல் எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்? எந்த அறிகுறி வந்தால் திரும்பி வரவேண்டும்?" என்று கேளுங்கள். சளிக்கு ஓய்வு, வெதுவெதுப்பான நீராகாரம், காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இரவில் ஒரு கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

முதல் கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. அந்தப் புட்டியில் இன்னும் மீதி இருந்தால் கால்வாயில் ஊற்ற வேண்டாம். அங்கேயும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அடுத்தமுறை கிளினிக்குக்குப் போகும்போது, பழைய மருந்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்களா என்று கேட்டு அங்கே கொடுத்துவிடுங்கள். உங்கள் மகனுக்கு உண்மையிலேயே நிமோனியா வரும் நாள் ஒன்று வந்தால், அன்று அமாக்சிசிலின் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இன்று அதைச் சளிக்குக் கொடுக்காமல் இருக்கச் சொல்கிறோம்.